ஃபோனில் வந்த வரைபடக் கேள்வி: மூன்று தோற்றங்களைச் சொல்லால் சொல்வது எப்படி?

தேர்வு நெருங்கும் வாரங்களில் இன்ஜினியரிங் முதலாண்டு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே வகைப் புகைப்படம் சுற்றிக்கொண்டிருக்கும். புத்தகப் பக்கத்தில் சாய்வாக வரைந்த ஒரு கட்டை, சுற்றிலும் சில அளவுகள், ஓரத்தில் ஓர் அம்புக்குறி. "அம்புக்குறியின் திசையை முன்பக்கமாகக் கொண்டு, இப்பொருளின் முன்தோற்றம், மேல்தோற்றம், இடப்பக்கத் தோற்றம் ஆகியவற்றை வரைக" என்பது கேள்வி. அனுப்பியவர் கையில் பென்சிலோடு காத்திருப்பார். பதில் சொல்பவர் பேருந்தில் இருப்பார். வரைந்து காட்ட வழியில்லை. வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

இப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? "எல் ஷேப்பில் வரும், மேலே ஒரு பள்ளம், நடுவில் ஒரு ஓட்டை, பக்கத்தில் டாட்டட் லைன் போட்டுவிடு" என்று முடிந்துவிடுகிறது. இதைக் கேட்டு நான்கு பேர் வரைந்தால் நான்கு விதமான படம் வரும். சொன்னவருக்குக் கட்டை மனத்தில் தெரிகிறது, கேட்பவருக்குத் தெரியவில்லை. புகைப்படத்தையே பார்க்காத ஒருவர், பார்வையில்லாத ஒருவர்கூட, கேட்ட சொற்களை மட்டும் வைத்து அதே கட்டையை மனத்தில் கட்டி எழுப்ப முடியுமானால்தான் அந்த விளக்கம் சரி. அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓர் எளிய கட்டையை எடுத்துக்கொண்டு அதை முழுவதுமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் மூன்று தோற்றங்கள் என்றால் என்ன என்பது. ஒரு பொருளுக்கு நேர் எதிரே நின்று, தூரத்தால் எதுவும் சிறுக்காது என்று வைத்துக்கொண்டு பார்த்தால் தெரிவது முன்தோற்றம். அதில் நீளமும் உயரமும் உண்டு. பொருள் பின்னோக்கி எவ்வளவு போகிறது என்பது தெரியாது. நேர் மேலிருந்து பார்ப்பது மேல்தோற்றம். அதில் நீளமும் அகலமும் உண்டு, உயரம் இல்லை. பக்கவாட்டில் நின்று பார்ப்பது பக்கத்தோற்றம். அகலமும் உயரமும் உண்டு, நீளம் இல்லை. ஒவ்வொன்றும் ஓர் அளவை இழக்கிறது, இன்னொன்று அதை மீட்டுத் தருகிறது. பிரான்சில் மெசியேர் நகரின் ராணுவப் பொறியியல் பள்ளியில் கோட்டைகளின் வடிவமைப்பில் ஈடுபட்டிருந்த காஸ்பார் மோன்ஜ் இந்த முறையை ஒழுங்கான கணிதமாக்கினார். பல ஆண்டுகள் அது ராணுவ ரகசியமாகவே இருந்தது. 1795-இல்தான் பாரிசில் அவர் அதைப் பொதுவில் கற்பித்தார்.

இரண்டு தோற்றம் போதாதா என்று கேட்கலாம். முன்தோற்றமும் ஒரு செவ்வகம், மேல்தோற்றமும் ஒரு செவ்வகம் என்றால் அது என்ன பொருள்? செங்கல் மாதிரி ஒரு கட்டையாக இருக்கலாம். முக்கோண முனைகள் இடமும் வலமும் பார்க்கப் படுத்திருக்கும் பட்டகமாக இருக்கலாம். நீளவாக்கில் நாலில் ஒரு பங்காக வெட்டிய உருளையாகவும் இருக்கலாம். பக்கத்தோற்றம் சதுரமா, முக்கோணமா, வளைவா என்று தெரிந்தால்தான் முடிவாகும்.

இனி நம் கட்டை. புகைப்படத்தில் இருப்பது ஐசோமெட்ரிக் படம். அதாவது நிமிர்ந்த விளிம்புகள் நேராக நிற்கின்றன. மற்ற இரு திசை விளிம்புகளும் கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்வில் இடமாகவும் வலமாகவும் மேலேறிப் போகின்றன. எஃப் என்று எழுதிய அம்புக்குறி படத்தின் இடக்கீழ்ப் பக்கத்திலிருந்து பொருளைப் பார்க்கிறது. ஆகவே படத்தில் இடக்கீழே தெரியும் முகம் முன்பக்கம், வலக்கீழே தெரியும் முகம் வலப்பக்கம். நமக்கு மிக அருகில் வரும் நிமிர்ந்த மூலை, பொருளின் முன்-வலது மூலை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கேட்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரியாமல் இடம், வலம், முன், பின் என்ற சொற்களுக்குப் பொருளே இல்லை.

அடுத்து, நுணுக்கங்களை எல்லாம் விட்டுவிட்டு, பொருளை அடக்கும் பெட்டியின் அளவு. இடமிருந்து வலமாக நீளம் 80, முன்னிருந்து பின்னாக அகலம் 50, உயரம் 60. எல்லாம் மில்லிமீட்டர். இந்த மூன்று எண்களைச் சொன்னதும் கேட்பவரால் மூன்று தோற்றத்துக்கும் வெளிச் செவ்வகம் போட்டுவிட முடியும்: முன்தோற்றம் 80-க்கு 60, மேல்தோற்றம் 80-க்கு 50, பக்கத்தோற்றம் 50-க்கு 60.

பிறகு பொருளைப் பகுதி பகுதியாகச் சொல்ல வேண்டும். கீழே 80 நீளம், 50 அகலம், 15 தடிமனில் ஓர் அடித்தட்டு. அதன் இடது ஓரத்தில், முழு அகலத்துக்கும் ஒரு சுவர் எழுகிறது. சுவரின் தடிமன் 20, அதன் உச்சி தரையிலிருந்து 60. இதுவரைக்கும் எல் எழுத்து. சுவரின் உச்சியில், அகலத்தின் நடுவே, 20 அகலமும் 20 ஆழமும் உள்ள ஒரு காடி வெட்டப்பட்டிருக்கிறது. அது சுவரின் இடது முகத்திலிருந்து வலது முகம் வரை ஊடுருவிப் போகிறது. சுவருக்கு வலப்புறம் வெறுமையாக இருக்கும் தட்டின் சரிநடுவில் 20 விட்டமுள்ள ஒரு துளை, தட்டை முழுவதும் துளைத்துக் கீழே வருகிறது. கடைசியாக, நமக்கு அருகில் இருக்கும் அந்த முன்-வலது மூலை, இரு பக்கமும் 10 அளவுக்குச் சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறது. இந்தச் சிறிய வெட்டை மறந்துவிடக் கூடாது. பொருளுக்கு முன் எது, பின் எது என்று காட்டிக்கொடுப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறது.

புகைப்படம் தொல்லை தருவது இங்கேதான். கேள்வித்தாளைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படத்தில் இணைகோடுகள் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கும்; 30 பாகை சாய்வு ஒரு பக்கம் 25 மாதிரியும் மறுபக்கம் 35 மாதிரியும் தெரியும். அதனால் திரையில் ஸ்கேல் வைத்து அளப்பது வீண். எழுதியிருக்கும் அளவை மட்டுமே நம்ப வேண்டும். துளை ஐசோமெட்ரிக் படத்தில் நீள்வட்டமாகத் தெரியும். விவரிக்கும்போது 'நீள்வட்டத் துளை' என்று சொல்லிவிடக் கூடாது, அது வட்டத் துளைதான். துளை முழுதும் ஊடுருவுகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா என்பது படத்தின் கோட்டில் தெரியாது. பக்கத்தில் இருக்கும் சிறிய குறிப்பில்தான் இருக்கும். அந்தக் குறிப்பு புகைப்படத்தின் ஓரத்தில் அறுபட்டிருந்தால், ஊகித்துச் சொல்லாமல் அனுப்பியவரிடம் இன்னொரு படம் கேட்பதே நேர்மை. பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் தரும் ஸ்கேன் செயலிகள் மெல்லிய கோடுகளை அழித்துவிடுவது உண்டு. அப்போது அம்புக்குறியே காணாமல் போகலாம்.

சரி, தோற்றங்களுக்கு வருவோம். இந்தியாவில் நாம் பின்பற்றுவது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை. இந்திய தர நிர்ணய அமைவனம் பள்ளி கல்லூரிகளுக்காக வெளியிட்ட எஸ்.பி. 46 கையேடும் இதையே சொல்கிறது. பொருளுக்கும் நமக்கும் நடுவே தாள் இல்லை. பொருளுக்குப் பின்னால் இருக்கிறது. நம் பக்கமிருந்து விளக்கைப் பிடித்தால் நிழல் எதிர்ச் சுவரில் விழுவது போல, ஒவ்வொரு தோற்றமும் பொருளுக்கு அப்பால் போய் விழுகிறது. மேலிருந்து பார்த்தது தாளில் கீழே வருகிறது. இடப்பக்கமிருந்து பார்த்தது தாளில் வலப்பக்கம் வருகிறது. அமெரிக்காவில் வழங்கும் தேர்டு ஆங்கிள் முறையில் இது நேர்மாறு: மேல்தோற்றம் மேலே, இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கம். எந்த முறை என்பதைக் காட்ட வரைபடத்தின் மூலையில் நுனி வெட்டிய கூம்பின் இரு தோற்றங்களைச் சின்னமாகப் போடுவார்கள்.

வாய்மொழி விளக்கத்தில் நான் பார்த்த வரையில் பெரிய குழப்பம் 'கீழே' என்ற ஒரே சொல்லில்தான் வருகிறது. "மேல்தோற்றத்தின் கீழே ஒரு மூலை வெட்டு" என்றால், தாளின் கீழ்ப்பகுதியா, பொருளின் அடிப்பகுதியா? இரண்டும் வேறு. ஃபர்ஸ்ட் ஆங்கிள் மேல்தோற்றத்தில் தாளின் கீழ் விளிம்பு என்பது பொருளின் முன்பக்கம். பொருளின் அடிப்பகுதி அந்தத் தோற்றத்தில் தெரியவே தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் "தாளில் கீழே, அதாவது பொருளின் முன்பக்கம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது நல்லது. கொஞ்சம் நீளும், ஆனால் பிழை வராது.

இப்போது பென்சிலோடு காத்திருப்பவருக்குச் சொல்வதைப் போலவே சொல்லிப் பார்ப்போம்.

முன்தோற்றம். எல் வடிவம். அடியில் 80 நீளத்துக்கு ஒரு கோடு. இடது முனையில் 60 உயரம் நேராக மேலே போ. அங்கிருந்து வலமாக 20. பிறகு கீழே இறங்கி, தரையிலிருந்து 15 உயரத்தில் நில். அங்கிருந்து வலமாக 60 போ, கடைசியாக 15 இறங்கி முடி. இது எல்லாம் தடித்த கோடு. சுவரும் தட்டும் சேரும் இடத்தில் கோடு வேண்டாம். இரண்டின் முன்முகமும் ஒரே சமதளம், ஒரே கட்டை. வலது ஓரத்திலிருந்து 10 உள்ளே தள்ளி, தட்டின் முழு உயரத்துக்கும் ஒரு தடித்த நிமிர்கோடு போடு. மூலை வெட்டு தொடங்கும் விளிம்பு அது. இனி மறைந்திருப்பவை, விட்டு விட்டு வரும் கோட்டில். சுவரில் 40 உயரத்தில், சுவரின் 20 தடிமன் முழுவதற்கும் ஒரு கிடைக்கோடு. அது காடியின் அடி. இடது ஓரத்திலிருந்து 40-லும் 60-லும் தட்டுக்குள் இரண்டு நிமிர்கோடுகள்; அவை துளையின் இரு ஓரங்கள். 50-ல் துளையின் மையக்கோடு, நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் மெல்லிய கோடு.

மேல்தோற்றம், முன்தோற்றத்துக்கு நேர் கீழே. 80-க்கு 50 செவ்வகம். தாளில் வலக்கீழ் மூலை, அதாவது பொருளின் முன்-வலது மூலை, 10-க்கு 10 சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். இடது ஓரத்திலிருந்து 20 தள்ளி, முழு அகலத்துக்கும் ஒரு தடித்த கோடு. சுவர் அங்கே முடிகிறது. காடி இருக்கும் இடத்திலும் இந்தக் கோடு அறுபடாது. காடியின் அடி 40 உயரத்தில் இருக்கிறது, தட்டின் மேல் முகம் 15-ல். அங்கேயும் ஒரு சரிவு இருக்கிறது அல்லவா? அந்தக் கோட்டுக்கும் இடது ஓரத்துக்கும் நடுவே, தாளின் கீழ் விளிம்பிலிருந்து 15-லும் 35-லும் இரண்டு கிடைக்கோடுகள், காடியின் இரு விளிம்புகள். இடது ஓரத்திலிருந்து 50, கீழ் விளிம்பிலிருந்து 25 என்ற புள்ளியை மையமாகக் கொண்டு 20 விட்டத்தில் ஒரு முழு வட்டம். இந்தத் தோற்றத்தில் மறைந்திருப்பது எதுவும் இல்லை.

இடப்பக்கத் தோற்றம், முன்தோற்றத்துக்கு வலப்புறம். இதுதான் மாணவர்களைத் திணற வைப்பது. ஏனென்றால் ஐசோமெட்ரிக் படத்தில் இடப்பக்க முகம் தெரியவே இல்லை. இடப்பக்கம் போய் நின்று பொருளைப் பார்த்தால் சுவர்தான் முழுவதும் மறைத்துக்கொண்டு நிற்கும். 50 அகலம், 60 உயரம் உள்ள செவ்வகம். அதன் உச்சியின் நடுவில் 20 அகலம், 20 ஆழம் உள்ள சதுரக் காடி திறந்திருக்கிறது. தடித்த கோட்டில் வருவது இவ்வளவே. பொருளின் முன்பக்கம் இந்தத் தோற்றத்தில் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். மறைந்தவை: தரையிலிருந்து 15 உயரத்தில், 50 அகலம் முழுவதற்கும் ஒரு விட்டு விட்டு வரும் கிடைக்கோடு. சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தட்டின் மேல் முகம் அது. அந்தக் கோட்டுக்குக் கீழே மூன்று நிமிர்கோடுகள், மூன்றும் விட்டு விட்டு வருபவை: வலது ஓரத்திலிருந்து 10-ல் மூலை வெட்டின் விளிம்பு, 15-லும் 35-லும் துளையின் ஓரங்கள். 25-ல் துளையின் மையக்கோடு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காடியும் 20 அகலம், துளையும் 20 விட்டம், இரண்டும் அகலத்தின் நடுவில். ஆகவே காடியின் பக்கக் கோடுகளும் துளையின் ஓரக் கோடுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். விடையைப் புகைப்படமாகப் பார்ப்பவரின் கண் இரண்டையும் இணைத்து, உச்சியிலிருந்து அடிவரை ஒரே வெட்டு என்று எண்ணிவிடும். "காடி 60-லிருந்து 40 வரை, துளை 15-லிருந்து தரை வரை, இடையில் 15-க்கும் 40-க்கும் நடுவே எந்தக் கோடும் இல்லை" என்று சொல்லிவிட்டால் இந்தப் பிழை வராது. எங்கே கோடு இல்லை என்று சொல்வதும் விவரிப்பில் ஒரு பகுதி. பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. இதே பொருளை வலப்பக்கமிருந்து பார்த்திருந்தால் தட்டின் மேல் முகத்தைக் காட்டும் அந்த 15 உயரக் கோடு தடித்த கோடாகியிருக்கும். தட்டு முன்னால் நிற்கிறது, சுவர் பின்னால் நிற்கிறது. மூலை வெட்டின் விளிம்பும் தடித்த கோடாகி, இடப்புறத்துக்கு மாறியிருக்கும். வெளி வடிவம் மட்டும் அப்படியே இருக்கும். அதாவது இடமா வலமா என்ற வேறுபாடு முழுவதும் ஒரு கோடு தொடர்ச்சியா விட்டு விட்டா என்பதிலும், ஒரு சிறிய வெட்டு எந்தப் பக்கம் என்பதிலும் அடங்கியிருக்கிறது. மங்கலான புகைப்படத்தில் இந்த இரண்டும்தான் முதலில் மறையும்.

சொன்னது சரியா என்று எப்படிச் சோதிப்பது? முன்தோற்றமும் மேல்தோற்றமும் ஒன்றின் கீழ் ஒன்று இருப்பதால், நீள அளவுகள் நேர் கீழே இறங்க வேண்டும்: சுவர் முடியும் 20, துளையின் 40, 60, வெட்டின் 70 எல்லாம் இரண்டிலும் ஒரே இடம். முன்தோற்றமும் பக்கத்தோற்றமும் அருகருகே இருப்பதால் உயரங்கள் 15, 40, 60 மூன்றும் கிடையாகப் பொருந்த வேண்டும். அகலம்தான் நேராக வராது. மேல்தோற்றத்திலிருந்து வலமாகக் கோடு இழுத்து, 45 பாகை சாய்கோட்டில் திருப்பி, மேலே பக்கத்தோற்றத்துக்கு ஏற்ற வேண்டும். அப்படித் திருப்பும்போது மேல்தோற்றத்தில் தாளின் அடியில் இருந்த முன்பக்கம், பக்கத்தோற்றத்தில் வலது ஓரமாக வந்து சேரும். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் பொருளின் முன்பக்கம் எப்போதும் முன்தோற்றத்திலிருந்து தொலைவான ஓரத்தில் இருக்கும். தேர்டு ஆங்கிளில் அருகான ஓரத்தில். நம் மூலை வெட்டு மேல்தோற்றத்தில் மேல் ஓரத்துக்குப் போயிருந்தால், இரண்டு முறைகளும் கலந்துவிட்டன என்று உடனே தெரிந்துவிடும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. விளிம்புகள் மூன்று திசைகளில் மட்டும் ஓடும் கட்டைகளுக்கும், அவற்றில் உள்ள வட்டத் துளைகளுக்கும் சொல் போதும். மூன்று திசைகளிலும் ஒரே சமயத்தில் சாய்ந்த முகம் வந்தால் ஒவ்வொரு முனைக்கும் நீளம், அகலம், உயரம் என மூன்று எண் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு உருளைகள் ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் வரும் வளைவுக்கு எவ்வளவு சொன்னாலும் காணாது. பல புள்ளிகளைக் குறித்துத்தான் வரைய முடியும். அங்கே படம் வரைந்து அனுப்புவதே சரி.

ஆகவே, கேள்வியை அனுப்பும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளை மேசையில் விரித்து, ஃபோனை நேர் மேலே பிடித்து, பக்கத்தின் நான்கு மூலைகளும் விழும்படி எடுங்கள். அம்புக்குறியும் கேள்வியின் வாசகமும் கட்டாயம் படத்தில் இருக்கட்டும். கூடவே ஒரு வரி தட்டச்சு செய்யுங்கள்: எந்தத் திசை முன்பக்கம், எந்தப் பக்கத்தோற்றம் வேண்டும், ஃபர்ஸ்ட் ஆங்கிளா தேர்டு ஆங்கிளா, துளை முழுதும் ஊடுருவுகிறதா. பதில் சொல்பவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொன்ன பிறகே முதல் கோட்டைச் சொல்லுங்கள்.